சீதன உறுதியில் யாருடைய சம்மதம்?

என் சின்னம்மாவின் சீதன உறுதி நாலு தாள். ஓரம் பழுப்பேறி, மடித்த இடமெல்லாம் பிய்ந்து, பின்பக்கம் கோந்து வைத்து ஒட்டியிருக்கிறது. 1995 ஒக்டோபர் 30ஆம் தேதி இரவு வலிகாமம் முழுவதும் கொட்டும் மழையில் தென்மராட்சிக்கு நடந்தபோது, அதைப் பொலித்தீன் பைக்குள் சுற்றித் தன் சட்டைக்குள் வைத்துக்கொண்டு நடந்தவர் அவர். தாலிக்கொடியைக்கூடப் பையில்தான் போட்டிருந்தாராம்.

பல வருடங்களுக்குப் பிறகு அந்த உறுதியை ஒருமுறை ஆறுதலாக வாசித்துப் பார்த்தேன். அம்மப்பா தன் இரண்டாவது மகளுக்கு, அவளுடைய விவாகத்தை முன்னிட்டு, மூன்று பரப்புக் காணியும் அதிலுள்ள கல்வீடும் கிணற்றில் பாதிப் பங்கும் சீதனமாகக் கொடுக்கிறார். நாலு எல்லையும் யார் யாருடைய காணி என்று எழுதியிருக்கிறது. நகை எத்தனை பவுண் என்றும் இருக்கிறது. மாப்பிள்ளையின் பெயர் இருக்கிறது. அம்மப்பாவின் ஒப்பம், சாட்சிகள் இருவரின் ஒப்பம், நொத்தாரிசின் ஒப்பம். கடைசியில், மேற்படி நன்கொடையை நன்றியறிதலுடன் ஏற்றுக்கொள்கிறேன் என்ற வரிக்குக் கீழே, பத்தொன்பது வயதுப் பிள்ளையின் குண்டுகுண்டான கையெழுத்து. அந்தக் கலியாணப் பேச்சு முழுவதிலும் சின்னம்மாவிடம் கேட்டு வாங்கிய ஒரே விஷயம் அந்தக் கையெழுத்துத்தான்.

யாழ்ப்பாணத்தில் சீதனத்தைப் பற்றிப் பேச வாயெடுத்தாலே ஒரு பதில் வரும்: “எங்கட முறை இந்தியா மாதிரி இல்லை. அங்க காசை மாப்பிளை வீடு கொண்டுபோகுது. இங்க காணியும் வீடும் பொம்பிளையின்ர பேரிலதானே எழுதுறம்.” இதில் உண்மை உண்டு. தாயின் சீதனம் மகளுக்குப் போவதும், மகள் பிறந்த வளவுக்குள்ளேயே குடியிருக்க மாப்பிள்ளை அங்கு வந்து சேர்வதும் பழைய வழக்கம். தாயும் சகோதரிகளும் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது ஒருவன் மனைவிமேல் கைவைக்க யோசிப்பான். அந்தப் பாதுகாப்பை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் பேரில் இருப்பது வேறு, கையில் இருப்பது வேறு. அந்த வித்தியாசம் எங்கே ஒளிந்திருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் பேச்சுக்கால். அங்கே சீதனம் ஒன்றாக வருவதில்லை. காணியும் வீடும் பெண்ணின் பேருக்கு. நகை பெண்ணின் கழுத்துக்கு. இவற்றுக்கு அப்பால் ரொக்கமாக ஒரு தொகை மாப்பிள்ளையின் பெற்றோருக்குப் போகும். அதற்கு இனாம் என்றும், இப்போது டொனேஷன் என்றும் பெயர். “நாங்கள் சீதனம் எண்டு ஒண்டும் கேக்கேல்லை. பிள்ளைக்கு நீங்கள் விரும்பினதைச் செய்யுங்கோ. தம்பிக்குக் கீழ ரெண்டு தங்கச்சிமார் இருக்கினம், அதைத்தான் யோசிக்கிறம்” என்று மாப்பிள்ளையின் தாய் மெதுவாகச் சொல்லுவார். அந்த வசனத்தின் விலை எல்லாருக்கும் தெரியும். இந்தப் பணத்துக்கு உறுதி கிடையாது, பற்றுச்சீட்டு கிடையாது. மாப்பிள்ளையின் தங்கைக்குச் சீதனமாக அது இன்னொரு வீட்டுக்குப் போய்விடும். அதைக் கொடுக்கத் தமையன் தன் காணியை ஈடு வைத்திருப்பான், தகப்பன் வயலை ஒற்றிக்கு விட்டிருப்பார். இத்தனையும் நடந்த பிறகு, மாப்பிள்ளையை எனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்ல எந்தப் பிள்ளைக்கு வாய் வரும்? சம்மதமா என்று கேட்பார்கள்தான். ஆனால் அந்தக் கேள்வி வரும்போது அவளால் இல்லை என்று சொல்ல முடியாத கட்டத்தைக் குடும்பம் தாண்டியிருக்கும்.

இரண்டாவது, அவள் எதை விட்டுக்கொடுக்கிறாள் என்பது. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காறுகளை ஒல்லாந்தர் காலத்தில் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி தொகுத்து 1707இல் ஒப்படைத்தார். தேசவழமை என்று நாம் சொல்லும் சட்டம் அதுதான். பன்னிரண்டு முதலிமார் அதைப் பார்த்துச் சரி என்றார்கள். பெண்களின் சொத்தைப் பற்றி இவ்வளவு பேசும் தொகுப்பைச் சரிபார்த்தவர்களில் ஒரு பெண்கூட இல்லை. பிரித்தானியர் 1806இல் அதற்குச் சட்ட வலுக் கொடுத்தார்கள். தகப்பன் வழி வருவது முதுசம், பெண் கொண்டுவருவது சீதனம், கலியாணத்துக்குப் பிறகு சேர்ப்பது தேடியதேட்டம் என்று அது சொத்தை மூன்றாகப் பிரித்தது. சீதனம் பெற்ற மகள் அதோடு திருப்திப்பட வேண்டும், ஆண்மக்கள் இருக்கும்போது பெற்றோரின் மிச்சச் சொத்தில் அவளுக்குப் பங்கில்லை என்றும் சொன்னது. பின்னாளில் நீதிமன்றங்களும் அந்த விதியை ஏற்று நடந்தன.

ஆகவே சீதனத்தை அன்பளிப்பு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. பங்கைத் தீர்த்து வெளியே அனுப்பும் கணக்கும் அதற்குள் இருக்கிறது. எவ்வளவு கொடுத்தால் பங்கு தீரும் என்பதை அவள் முடிவுசெய்வதில்லை. சின்னம்மாவின் உறுதியில் இருப்பது மூன்று பரப்பு. தமையன்மாருக்கு மிஞ்சியது பதினெட்டுப் பரப்பும் வயலும். அந்த ஏற்றுக்கொள்கிறேன் என்ற வரி மற்ற எல்லாவற்றிலிருந்தும் தன்னை விலக்கிவிடக்கூடியது என்று பத்தொன்பது வயதில் யாரும் அவருக்கு விளங்கப்படுத்தவில்லை.

மூன்றாவதுதான் எனக்கு இன்றைக்கும் நெஞ்சை அடைப்பது. 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் பார்வைக்கு முற்போக்கானது. மணமான பெண்ணின் சொத்து அவளுடைய தனிச் சொத்து என்கிறது. நகை போன்ற அசையும் பொருளை அவள் தன் விருப்பப்படி விற்கலாம் என்கிறது. ஆனால் அதே 6ஆம் பிரிவு காணி, வீடு என்று வந்ததும், கணவனின் எழுத்துமூலச் சம்மதம் இருந்தால் மட்டும் என்று ஒரு பூட்டைப் போட்டது. கணவன் தன் முதுசக் காணியை விற்க மனைவியின் சம்மதம் தேவையில்லை. இருவரும் சேர்ந்து தேடிய தேட்டத்துக்குக்கூட நிர்வாகி என்று நீதிமன்றங்கள் கண்டது கணவனைத்தான். அந்தப் பூட்டு நூறு வருடங்களுக்கு மேல் நின்றது. இதில் இன்னொன்றும் உண்டு. தேசவழமைக்குட்பட்ட பெண் வெளியாள் ஒருவரை மணந்தால் அந்த விவாகம் நிலைக்கும்வரை இந்தச் சட்டம் அவளைக் கட்டுப்படுத்தாது; வெளியிலிருந்து வரும் பெண் யாழ்ப்பாண ஆணை மணந்தால் அவளையும் கட்டும். தன் காணிமேல் ஒரு பெண்ணுக்கு எவ்வளவு அதிகாரம் என்பதைக் கணவன் யார் என்பதே தீர்மானித்தது.

சின்னம்மாவின் கணவர் 1986இல் ஜேர்மனிக்குப் போனார். முதல் நாலைந்து வருடம் கடிதமும் காசும் வந்தன, பிறகு நின்றுவிட்டன. 1996இல் சின்னம்மா இரண்டு பெண் பிள்ளைகளோடு ஊருக்குத் திரும்பியபோது வீட்டுக்குக் கூரை இல்லை, யன்னல் நிலைகள்கூட இல்லை. ஒன்றரைப் பரப்பை ஈடு வைத்துக் கூரை போட நினைத்தார். நொத்தாரிசு உறுதியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “காணி உங்கடதான் அம்மா. ஆனா உங்கட அவர் ஒப்பம் வைக்கவேணுமே” என்றார்.

சட்டத்தில் இதற்கு ஒரு வழி இருந்தது. கணவன் கைவிட்டுப் போயிருந்தால், இரண்டு வருடத்துக்கு மேல் சிறையில் இருந்தால், சித்தம் தவறியிருந்தால், இருப்பிடம் தெரியாதிருந்தால், நியாயமில்லாமல் சம்மதம் மறுத்தால், மனைவி மாவட்ட நீதிமன்றத்துக்கு மனுப்போட்டு அந்தச் சம்மதத்துக்குப் பதிலாக நீதிமன்றக் கட்டளையைப் பெறலாம். ஆனால் மனுவுக்குச் சட்டத்தரணி வேண்டும், காசு வேண்டும், கணவன் தன்னை விட்டுவிட்டான் என்று ஊர் கேட்கச் சொல்லும் மனத்தைரியமும் வேண்டும். சின்னம்மா பல வருடமாக மறைத்து வைத்ததை நீதிமன்றத்தில் எழுந்து நின்று சொல்ல வேண்டியிருந்தது.

மனுப்போகும் செய்தி எப்படியோ ஜேர்மனிக்கு எட்டியது. கணவரின் தமையன் வீட்டுக்கு வந்தார். “தம்பி ஒப்பம் வைப்பான், பிள்ளை. அரைவாசிக் காணியை அவன்ர பேருக்கு எழுதிவிடு” என்றார். கதவுநிலை இல்லாத வாசலில் நின்று சின்னம்மா ஒன்றும் பேசவில்லையாம். உள்ளே போய்விட்டாராம். சம்மதம் கொடுக்கும் அதிகாரம் ஒருவன் கையில் இருந்தால் அதற்கு அவன் விலை வைக்கலாம். அடிக்காமல், திட்டாமல், ஆயிரக்கணக்கான மைல் தொலைவில் இருந்துகொண்டே வைக்கலாம். இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. கணவனின் கடனை அடைக்க, வெளிநாட்டுப் பயணத்துக்கு முகவருக்குக் கொடுக்க என்று சீதனக் காணிகள் விற்கப்பட்டபோது, அந்த உறுதிகளில் மனைவியின் ஒப்பமும் இருந்தது. அந்த ஒப்பம் எந்த இரவுச் சண்டைக்குப் பிறகு வைக்கப்பட்டது என்பதை உறுதி சொல்லாது.

சீதனம் உண்மையில் பெண்ணுடையதா என்று தெரிந்துகொள்ள, உறுதியில் யார் பேர் என்று பார்ப்பது போதாது. அந்த உறுதித் தாள் யாருடைய அலுமாரியில் இருக்கிறது, வீட்டு வாடகை வந்தால் யார் கையில் வாங்குகிறார்கள், அவள் நாளைக்கே அதை ஈடு வைக்க நினைத்தால் யாரைக் கேட்க வேண்டும் என்று விசாரித்துப் பாருங்கள். இந்தியாவில் 1961இலிருந்து வரதட்சணைத் தடைச் சட்டம் இருக்கிறது. பல்லாயிரம் சாவுகளை அதனால் தடுக்க முடியவில்லை என்பதும் உண்மைதான். இலங்கையில் சீதனம் வாங்குவதைத் தடுக்க அப்படியொரு சட்டமே இல்லை. டொனேஷன் கேட்பவர் எந்தச் சட்டத்துக்கும் பயப்படத் தேவையில்லை.

போரில் கணவன் காணாமலாக்கப்பட்ட பெண்களை இந்தப் பூட்டு எல்லாரையும்விடக் கொடுமையாக வருத்தியது. இருப்பிடம் தெரியாது என்று மனுவில் எழுதுவது, அவர் இனி வரமாட்டார் என்று தாங்களே ஒப்பமிடுவதுபோல அவர்களுக்கு இருந்தது. அதை எழுத மனம் வராமல், காணியை அப்படியே பற்றை மண்ட விட்டவர்களை நான் நேரில் கண்டிருக்கிறேன்.

சின்னம்மாவுக்கு நீதிமன்றக் கட்டளை கிடைக்கப் பதினாலு மாதம் சென்றது. அதற்குள் இரண்டு மாரி. பிள்ளைகள் தறப்பாளுக்குக் கீழே இருந்து படித்தார்கள். கூரை போட்டார், ஈட்டையும் எட்டு வருடத்தில் மீட்டார்.

மூத்தவளுக்குக் கலியாணம் பேசிவந்தபோது, வீட்டை எழுதித் தரும்படி கேட்டார்கள். சின்னம்மா மறுத்துவிட்டார். அந்தப் பேச்சு முறிந்தது. ஒரு வருடம் கழித்து, மகள் தானே விரும்பிய ஒருவரை ஒன்றும் எழுதாமல் மணந்தாள். அதன் பிறகு சின்னம்மா மரணசாதனம் எழுதப் போனார். துணைக்கு நான் போனேன். வீடும் காணியும் இரண்டு பெண் பிள்ளைகளுக்கும் சமபங்கு என்று சொன்னார். நொத்தாரிசு எழுதி முடித்து ஒப்பமிடச் சொன்னதும், சின்னம்மா பேனாவைக் கையில் வைத்தபடி இருந்தார்.

“இதுக்கு அவற்றை ஒப்பம்?”

“மரணசாதனத்துக்குக் கணவனின்ர சம்மதம் தேவையில்லை, அம்மா. சட்டத்தில அப்பிடித்தான் இருக்கு.”

“செத்தாப் பிறகு நடக்கப்போறதுக்குத் தேவையில்லையோ?”

“இல்லை.”

சின்னம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். எழுதியிருந்ததை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை விரல் வைத்து வாசித்தார். சாட்சிகள் இருவரும் காத்திருந்தார்கள். பிறகு அதே குண்டுகுண்டான கையெழுத்தில், அவசரப்படாமல், ஒவ்வொரு தாளிலும் தன் பெயரை எழுதினார்.