எந்த மாடல், எந்த ஏரியா?

கைதவறி விழுந்த போனில் டிஸ்ப்ளே போய்விட்டது. வீட்டில் இருக்கும் இன்னொரு போனை எடுத்துத் தேடுகிறார் அந்த வேளச்சேரிக்காரர். அவர் தட்டுவது அநேகமாக மூன்றே விஷயங்கள்: போனின் மாடல், மாற்ற வேண்டிய பொருள், ஏரியாவின் பெயர். சட்டென்று பத்துத் தலைப்புகள் வரிசையாக வந்து நிற்கின்றன. எந்தக் கடையைத் தொடுவது என்பதை அந்த ஒற்றை வரிகளைப் பார்த்துத்தான் அவர் முடிவு செய்கிறார்.

அந்த வரியை எழுதுவது கடைக்காரரோ, அவருக்கு இணையதளம் செய்து கொடுத்தவரோதான். ஒவ்வொரு பக்கத்தின் நிரலிலும் `<title>` என்று ஓர் இடம் உண்டு. அதில் எழுதுவதைத்தான் கூகுள் பெரும்பாலும் தலைப்பாகக் காட்டுகிறது. ரிப்பேர் கடைகள் அதில் மாடலையும் ஏரியாவையும் சேர்த்து எழுதுவது நியாயமானது, தேடுகிறவர் கேட்பதும் அதைத்தான். ஆனால் இந்த இரண்டையும் ஒரே தராசில் வைத்துவிடுகிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

வேளச்சேரியிலும் மேற்குத் தாம்பரத்திலும் கிளை வைத்திருக்கும் ஒரு கடையைக் கற்பனை செய்துகொள்வோம். அங்கே அடிக்கடி வரும் மாடல்கள் 40. டிஸ்ப்ளே, பேட்டரி, சார்ஜிங் போர்டு, ஸ்பீக்கர், தண்ணீரில் விழுந்தது என்று 5 வகை வேலைகள். வாடிக்கையாளர்கள் வரும் ஏரியாக்கள் ஆதம்பாக்கம், மடிப்பாக்கம், மேடவாக்கம் என்று 12. இணையதளம் செய்கிறவர் மூன்றையும் பெருக்கி 2,400 பக்கங்களை ஒரே வார்ப்பில் ஊற்றித் தருகிறார். ஒவ்வொரு பக்கத்திலும் தலைப்பு மட்டும்தான் வேறு. உள்ளே அதே நான்கு பத்தி, அதே போன் நம்பர். மடிப்பாக்கம் பக்கத்தைத் திறந்தாலும் வழி காட்டுவது வேளச்சேரிக் கடைக்குத்தான்.

கூகுள் இத்தகைய பக்கங்களை வெறும் நுழைவாசல்கள் என்று கணக்கில் வைக்கிறது. வெவ்வேறு ஊர்ப் பெயர்களில் பக்கம் போட்டு எல்லாரையும் ஒரே இடத்துக்குத் தள்ளிவிடுவது அதன் ஸ்பேம் விதிகளில் பெயர் சொல்லியே விலக்கப்பட்டிருக்கிறது. 2015 மார்ச்சில் இதற்காகத் தரவரிசை முறையில் ஒரு மாற்றத்தை அறிவித்தார்கள். பயனில்லாத பக்கங்களை மொத்தமாக உற்பத்தி செய்வதற்கு எதிரான விதி 2024 மார்ச்சில் வந்தது. விதி ஒருபுறம் இருக்கட்டும். மடிப்பாக்கத்தில் கடை இருக்கிறது என்று நம்பிப் பைக்கை எடுப்பவரிடம் அந்தத் தலைப்பு பொய் சொல்கிறது. என்னை உறுத்துவது அதுதான்.

மாடலுக்குத் தனிப் பக்கம் போடுவது அப்படியல்ல, அதற்கு வலுவான காரணம் இருக்கிறது. ரெட்மி நோட் 10 குடும்பத்தையே பாருங்கள். 2021-ல் இந்தப் பெயரில் இந்தியாவுக்கு வந்த போன்கள் ஒன்றிரண்டல்ல. நோட் 10, நோட் 10எஸ் இரண்டிலும் 6.43 அங்குல அமோலெட் திரை. நோட் 10 ப்ரோவில் இருப்பதும் அமோலெட்தான், ஆனால் 6.67 அங்குலம். நோட் 10டி 5ஜி-யில் 6.5 அங்குல எல்சிடி. நோட் 10 லைட் என்று ஒன்று உண்டு. அது பெயர் மாற்றி வந்த நோட் 9 ப்ரோ, அதிலும் எல்சிடிதான். "என்னுது நோட் டென்" என்று மட்டும் ஒருவர் போனில் சொன்னால் கடைக்காரரால் எந்த காம்போவையும் எடுத்து வைக்க முடியாது, விலையும் சொல்ல முடியாது. அமோலெட்டுக்கும் எல்சிடிக்கும் விலை ஒன்றல்ல, ஒன்றின் சட்டகத்தில் மற்றது உட்காரவும் செய்யாது.

ஆகவே மாடலின் முழுப் பெயரைத் தலைப்பில் வாலோடு எழுத வேண்டும். ப்ரோவா, எஸ்ஸா, 5ஜியா என்ற அந்தக் கடைசித் துண்டில்தான் வேறுபாடே இருக்கிறது. ஐபோன் எஸ்இ-க்கு ஆண்டு இல்லாமல் எழுதிப் பயனில்லை. 2016, 2020, 2022 என்று மூன்று தலைமுறைகள் அதே பெயரில் வந்தன, முதலாவதன் திரை 4 அங்குலம், அடுத்த இரண்டுக்கும் 4.7. சாம்சங்கில் கேலக்ஸி ஏ51 என்று தலைப்பில் எழுதிவிட்டு, `SM-A515F` என்ற எண்ணைப் பக்கத்தின் உள்ளே தரலாம். பெட்டியைத் தொலைத்தவர்கள் செட்டிங்ஸில் போய் அந்த எண்ணைத்தான் பார்ப்பார்கள்.

சரி, 40 மாடல்களுக்கும் 5 வேலைகளுக்கும் 200 பக்கம் வேண்டுமா? வேண்டாம் என்பேன். டிஸ்ப்ளே, பேட்டரி, சார்ஜிங் போர்டு மூன்றும் மாடலுக்கு மாடல் மாறுகிற பொருள்கள். அவற்றின் விலையையும், ஒரிஜினலா காப்பியா என்ற விவரத்தையும், வேலைக்கு ஆகும் நேரத்தையும் மாடல் பக்கத்திலேயே ஒன்றாகத் தரலாம். தண்ணீரில் விழுந்த போனைத் திறந்து சுத்தம் செய்கிற வேலை எந்த மாடலுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அதற்குக் கடை முழுவதற்கும் ஒரே பக்கம் போதும். மாடலுக்கு 40, பொது வேலைகளுக்கு 2, கிளைகளுக்கு 2 என்று மொத்தம் 44 பக்கங்களில் அந்த 2,400 அடங்கிவிடுகிறது.

தலைப்புகள் இப்படி அமையும்:

```
Redmi Note 10 Pro Display Replacement in Velachery, Chennai
Water Damaged Phone Repair in Velachery, Chennai
Mobile Repair Shop in Tambaram West, Chennai
```

ஆங்கிலத்தில் எழுதியிருப்பதற்குக் காரணம் உண்டு. தமிழ் பேசுகிற வாடிக்கையாளர்களிலும் பலர் மாடல் பெயரை ஆங்கில எழுத்தில்தான் தட்டுகிறார்கள். தமிழில் ஒரு பக்கம் வைப்பது நல்லதே, தலைப்பை மட்டும் இன்னும் சுருக்கமாக எழுத வேண்டியிருக்கும். கூகுள் எழுத்துகளை எண்ணுவதில்லை, திரையில் கிடைக்கும் அகலத்துக்கு மேல் போனால் வெட்டிவிடுகிறது. ஆங்கிலத்தில் 50 முதல் 60 எழுத்துகள் வரை தாங்கும் என்பது தொழிலில் இருப்பவர்களின் உத்தேசக் கணக்கு. மேலே உள்ள முதல் தலைப்பு இடைவெளிகளையும் சேர்த்து 59. தமிழ் எழுத்துகள் அகலமானவை என்பதால் அதே இடத்தில் குறைவாகத்தான் கொள்ளும். எந்த மொழியானாலும் மாடல் முதலில் வரட்டும். வெட்டு விழுந்தாலும் முக்கியமானது தப்பிவிடும்.

இப்போது ஏரியா. மாடல் பக்கத்தில் எழுத வேண்டியது கடை உண்மையில் இருக்கும் இடம் மட்டுமே. அதை எவ்வளவு நுணுக்கமாக எழுதுவது என்பதைக் கடைக்கு வந்து சேரும் வழியை வைத்து முடிவு செய்யலாம். தாம்பரத்தை ரயில் பாதை கிழக்கு, மேற்கு என்று பிரிக்கிறது. மேற்கில் இருக்கும் கடை 'தாம்பரம்' என்று மட்டும் எழுதினால், கிழக்கில் இருப்பவர் பாதையைச் சுற்றிக்கொண்டு வந்து எரிச்சலோடு நிற்பார். ஏரியாவை அடுத்து நகரத்தின் பெயரும் வேண்டும். கே.கே. நகர் சென்னையிலும் இருக்கிறது, மதுரையிலும் திருச்சியிலும் இருக்கிறது. `near me` என்று தலைப்பில் எழுதுவது வீண். தேடுகிறவர் எங்கே நிற்கிறார் என்பதை கூகுள் அவர் போனிலிருந்தே தெரிந்துகொள்கிறது.

வரைபடத்தோடு வரும் கடைப் பட்டியல் இன்னொரு விஷயம். பொருத்தம், தூரம், கடையின் பெயர் எவ்வளவு பரவியிருக்கிறது என்ற மூன்றையும் பார்த்து அது அமைகிறது என்று கூகுளே சொல்கிறது. வேளச்சேரிக் கடையின் தலைப்பில் அண்ணா நகர் என்று எழுதியதால் அந்தத் தூரம் குறையப் போவதில்லை. பட்டியலில் கடையின் பெயரோடு ஏரியாக்களையும் மாடல்களையும் ஒட்டவைப்பதும் விதிமீறல்தான், பெயர்ப்பலகையில் உள்ள பெயர்தான் அங்கே இருக்க வேண்டும்.

கடை இல்லாத ஏரியாவுக்கு ஒரு பக்கம் நியாயமாகும் சந்தர்ப்பமும் உண்டு. டெக்னீஷியன் மேடவாக்கத்துக்கு வீடு தேடிப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்போது `Doorstep Mobile Repair in Medavakkam, Chennai` என்பது உண்மையான தலைப்பு. உள்ளே எழுதவும் விஷயம் இருக்கிறது: எந்த நேரத்தில் வருவார், வருவதற்குக் கட்டணம் எவ்வளவு, எந்த வேலை வீட்டிலேயே முடியும் என்பதெல்லாம். டிஸ்ப்ளேயும் பேட்டரியும் வீட்டில் மாற்றலாம். போர்டில் ஐசி மாற்ற மைக்ரோஸ்கோப்பும் ஹாட் ஏர் கருவியும் தேவை, போன் கடைக்கு வந்தே ஆக வேண்டும். இதை வெளிப்படையாக எழுதுகிற பக்கம் மடிப்பாக்கம் பக்கத்தின் நகலாக இருக்க முடியாது.

எழுதிய தலைப்பு அப்படியே தேடலில் வரும் என்ற உத்தரவாதமும் இல்லை. 2021 ஆகஸ்ட் முதல் தலைப்புகளைத் தேர்ந்தெடுக்கும் முறையை கூகுள் மாற்றியது. பக்கத்தின் தலைப்பு வரியையே பயன்படுத்துவது சுமார் 87 விழுக்காடு என்று அடுத்த மாதம் சொன்னது. மீதிக்குப் பக்கத்தின் உள்ளே பெரிய எழுத்தில் இருக்கும் தலைப்பையோ வேறு வரியையோ எடுத்துப் போடுகிறது. ஏரியாக்களை அடுக்கிய நீளமான வரி, எல்லாப் பக்கத்திலும் ஒரே மாதிரி வரும் வரி, உள்ளிருப்பதோடு ஒட்டாத வரி ஆகியவை இப்படி மாற்றப்படக்கூடியவை. வார்ப்பில் ஊற்றிய பக்கங்களில் மூன்றாவது ரகத்தை நிறையப் பார்க்கலாம். மேலே தாம்பரம் என்று மாற்றியிருப்பார்கள், உள்ளே வேளச்சேரி அப்படியே கிடக்கும்.

இந்தக் கோளாறு தன் தளத்தில் இருக்கிறதா என்று பார்க்கக் கடைக்காரருக்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. தேடல் பெட்டியில் `site:` என்று தட்டி, இடைவெளி விடாமல் தளத்தின் முகவரியைச் சேர்த்தால் கூகுள் காட்டும் தலைப்புகள் வரும். எழுதியதும் காட்டுவதும் வேறாக இருந்தால் அங்கே பொருத்தமின்மை இருக்கக்கூடும். அடுத்து, இலவசமாகக் கிடைக்கும் சர்ச் கன்சோலில் பக்கங்களின் பட்டியல். `Duplicate without user-selected canonical`, `Crawled - currently not indexed` என்ற இரண்டு வரிகளின் கீழே ஏரியாப் பக்கங்கள் நூற்றுக்கணக்கில் குவிந்திருந்தால், அவற்றை கூகுள் பார்த்துவிட்டு ஒதுக்கிவைத்திருக்கிறது என்று அர்த்தம்.

ஏற்கெனவே 2,400 பக்கங்களோடு மாட்டிக்கொண்டவர் அவற்றை அப்படியே அழித்துவிடக் கூடாது. பழைய முகவரியைத் தொடுகிறவர் வெற்றுப் பக்கத்தில் போய் விழுவார். நோட் 10 ப்ரோவின் 12 ஏரியா டிஸ்ப்ளே பக்கங்களையும் அந்த மாடலின் ஒரே பக்கத்துக்கு நிரந்தரமாகத் திருப்பிவிட வேண்டும். எண் `301` என்று சொன்னால் இணையதளம் செய்கிறவருக்குப் புரியும். எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்புவது சுலபம், ஆனால் டிஸ்ப்ளே விலை தேடி வந்தவருக்கு அங்கே விடை இருக்காது. புதிய தலைப்புகள் தேடலில் தெரிய சில நாள்களும் ஆகலாம், சில வாரங்களும் ஆகலாம். அதுவரை அவற்றை மீண்டும் மீண்டும் மாற்றாமல் இருந்தால்தான் எது வேலை செய்கிறது என்று தெரியும்.