அட்டவணையில் விடுபட்ட ஐம்பது பேர்

கூட்டுறவுச் சங்கத்தின் பேரவைக் கூட்டத்தில் ஆண்டறிக்கையைச் செயலாளர் படிப்பார். தாள் ஒன்றிரண்டு பேர் கைக்குத்தான் வரும். மற்றவர்கள் அலைபேசியில் படம் எடுத்துக்கொண்டு, வீட்டில் பெரிதாக்கிப் பார்ப்பார்கள். பெரும்பாலும் கண் போவது மொத்த விற்பனை, லாபம் இரண்டிலும்தான். அந்த அறிக்கையில் உறுப்பினர்களின் வருமானத்தைத் திரட்டிக் காட்டும் அட்டவணை இருந்தால், அதிலிருந்து இன்னொன்றையும் எடுக்கலாம். சங்கம் கொண்டுவந்த பணம் உறுப்பினர்களிடையே எவ்வளவு சமமாகப் போனது என்பதே அது.

சேர்வராயன் மலையில் செம்மநத்தம் போன்ற ஊர்களில் வாழும் மலையாளிப் பழங்குடியினருக்குக் காப்பியும் மிளகும் முக்கிய வருமானம். சில்வர் ஓக் மரத்தில் ஏறிய மிளகுக் கொடிக்கும், அதன் நிழலில் நிற்கும் காப்பிச் செடிக்கும் நல்ல விலை கிடைக்க வேண்டும், கடனுக்கு வியாபாரியிடம் கை நீட்டக் கூடாது என்பதற்காகத்தான் பழங்குடிப் பகுதிகளில் 'லேம்ப்' என்ற பெரும் பல்நோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் வந்தன. நோக்கம் அதுவாக இருக்கும்போது, பணம் யாரிடம் போய்ச் சேர்ந்தது என்று கேட்பது சங்கத்தின் மேல் சந்தேகப்படுவது ஆகாது. அது உறுப்பினரின் வேலை.

கணக்கைக் காட்ட ஒரு சங்கத்தைக் கற்பனை செய்துகொள்வோம். இந்த எண்கள் எந்த உண்மைச் சங்கத்துடையவையும் அல்ல. சரக்கு விற்றவர்கள் 200 பேர், அவர்களுக்குப் பட்டுவாடா ஆனது 60 லட்சம் ரூபாய். குறைவாகப் பெற்றவரிலிருந்து அதிகம் பெற்றவர் வரை வரிசைப்படுத்தி, 40 பேர் கொண்ட ஐந்து குழுக்களாகப் பிரித்திருக்கிறார்கள். அட்டவணை இப்படிச் சொல்கிறது: கீழிருந்து 20 சதவீதம் பேருக்கு மொத்தப் பணத்தில் 5 சதவீதம்; 40 சதவீதம் பேருக்கு 14; 60 சதவீதம் பேருக்கு 28; 80 சதவீதம் பேருக்கு 50; எல்லாருக்கும் சேர்த்து 100.

எல்லாருக்கும் ஒரே தொகை கிடைத்திருந்தால் 20-க்கு 20, 40-க்கு 40 என்று வந்திருக்கும். வரைபடத்தில் அது நேரான மூலைவிட்டம். நம் அட்டவணை அதற்குக் கீழே தொய்ந்து தொங்கும் கோடு. அமெரிக்கரான மாக்ஸ் லாரன்ஸ் 1905-இல் இந்த வளைகோட்டை வரைந்து காட்டினார். இத்தாலியரான கொர்ராடோ கினி 1912-இல் தந்த குறியீட்டை இந்தப் படத்திலிருந்தே அளக்கலாம்: மூலைவிட்டத்துக்கும் வளைகோட்டுக்கும் நடுவே உள்ள பரப்பு, மூலைவிட்டத்துக்குக் கீழுள்ள முக்கோணத்தில் எத்தனை பங்கு? முழுச் சமத்துவத்துக்கு 0. எல்லாப் பணமும் ஒருவரிடமே போனால் ஏறக்குறைய 1.

கணக்கைத் தாளிலேயே போடலாம். ஒவ்வொரு வரியின் எண்ணோடும் அதற்கு முந்தைய வரியின் எண்ணைக் கூட்டுங்கள்: 5, 19, 42, 78, 150. மொத்தம் 294. ஒவ்வொரு குழுவும் ஐந்தில் ஒரு பங்கு மக்கள் என்பதால் 294-ஐ 5-ஆல் வகுத்தால் 58.8. அதை 100-இலிருந்து கழித்தால் 41.2. கினி குறியீடு 0.412. பள்ளியில் படித்த சரிவகத்தின் பரப்பளவுதான் இதில் வேலை செய்கிறது. குழுக்கள் சமமாக இல்லாவிட்டால், ஒவ்வொரு கூட்டலையும் அந்தந்தக் குழுவின் அளவால் பெருக்கிப் பிறகு சேர்க்க வேண்டும்.

இனி அலைபேசியில் எடுத்த படத்துக்கு வருவோம். குழல் விளக்கு வெளிச்சம் தாளில் பட்டுக் கூசியிருக்கும், மடிப்பில் ஒரு வரி மறைந்திருக்கும், 4 என்பது 9 போலத் தெரியும். 14-ஐ 19 என்று படித்துவிட்டால் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. அடுத்தடுத்த வரிகளைக் கழித்து ஒவ்வொரு குழுவும் தனியாகப் பெற்றதைப் பாருங்கள். சரியான அட்டவணையில் அது 5, 9, 14, 22, 50 என்று ஏறிக்கொண்டே போகிறது. 19 என்று படித்தால் 5, 14, 9 என்று நடுவில் இறங்கும். குறைவாகப் பெற்றவரிலிருந்து வரிசைப்படுத்திய அட்டவணையில் இது நடக்கவே முடியாது. ஒன்று, எண்ணைத் தவறாகப் படித்திருக்கிறோம். அல்லது வருமான வரிசைக்குப் பதிலாக ஊர் வாரியாக அட்டவணை போட்டிருக்கிறார்கள்.

ஆனால் இந்தச் சோதனை எல்லாப் பிழையையும் பிடிக்காது. 50-ஐ 60 என்று படித்தால் 5, 9, 14, 32, 40 என்று ஒழுங்காகவே ஏறும்; குறியீடு மட்டும் 0.372-க்கு இறங்கிவிடும். அதனால்தான் ரூபாய் வரியும் படத்தில் விழுந்திருக்க வேண்டும் என்கிறேன். கீழ் 80 சதவீதம் பேருக்கு 30 லட்சம் என்று பக்கத்தில் இருந்தால், 60 லட்சத்தில் அது பாதி. ஐயம் அங்கேயே தீர்ந்துவிடும்.

மடிப்பில் ஒரு வரி போனாலும் கணக்கு வரும், ஆனால் ஏற்றத்தாழ்வு குறைவாகத் தெரியும். 80 சதவீத வரி மறைந்து, 60-இலிருந்து 100-க்கு நேர்கோடு போட்டால் கினி 0.356. மேல்தட்டு 40 பேருக்கும் அவர்களுக்குக் கீழே இருந்த 40 பேருக்கும் இடையிலிருந்த வேறுபாடு அந்த நேர்கோட்டில் அழிந்துவிடுகிறது. உண்மைத் தரவிலும் இதைப் பார்க்கலாம். 2022-23 இந்திய வருமானம் பற்றி உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகம் வெளியிட்ட மதிப்பீட்டில், கீழ்ப்பாதி மக்களுக்கு 15 சதவீதம், மேல் 10 சதவீதத்தினருக்கு 57.7 சதவீதம். இந்த இரண்டை மட்டும் வைத்தால் கினி ஏறக்குறைய 0.55. மேல் 1 சதவீதத்தினரின் பங்கான 22.6-ஐயும் சேர்த்தால் 0.57. எனவே பெரிய குழுக்களாகப் போட்ட அட்டவணையிலிருந்து வரும் எண்ணைக் குறைந்தபட்சம் என்றே கொள்ள வேண்டும்.

இவற்றைவிடப் பெரிய ஓட்டை அட்டவணைக்கு வெளியே இருக்கிறது. நம் சங்கத்தில் உறுப்பினர்கள் 250 பேர், சரக்குப் போட்டவர்கள் 200 பேர் மட்டும் என்று வையுங்கள். மீதி 50 பேர் அட்டவணையில் இல்லை. அவர்களும் பங்குத்தொகை கட்டியவர்கள். அவர்களுக்கும் ஆளுக்கு ஒரு வாக்கு உண்டு. சங்கத்தின் பயன் யாருக்குப் போனது என்பதே கேள்வி என்றால், அவர்களைப் பூஜ்யம் என்று எழுதிச் சேர்க்க வேண்டும். கணக்கு எளிது: பூஜ்யக்காரர்கள் ஐந்தில் ஒருவர், அதாவது 0.2; மீதி 0.8-ஐ 0.412-ஆல் பெருக்கினால் 0.33, கூட்டினால் 0.53. ஒரே ஆண்டு, ஒரே சங்கம், குறியீடு 0.41-இலிருந்து 0.53-க்குத் தாவுகிறது.

இந்த 0.53-ஐயும் ஊரின் வருமான ஏற்றத்தாழ்வு என்று சொல்லிவிட முடியாது. அந்த 50 பேரில் முன்பணம் வாங்கிய வியாபாரியிடமே மிளகைப் போட்டவர் இருக்கலாம், எஸ்டேட் கூலிக்குப் போனவர் இருக்கலாம். அவர்கள் வருமானம் பூஜ்யம் அல்ல. சங்கத்தின் வழியே வந்ததுதான் பூஜ்யம். எதை அளந்தோம் என்பதைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு நாடளவில் ஓர் உதாரணம் இருக்கிறது. 2022-23-க்கு உலக வங்கி தந்த இந்தியாவின் கினி 0.255. அது வீடுகள் செலவழித்ததை வைத்துப் போட்டது. வருமானத்தை வைத்தால் குறைந்தபட்சம் மேலே பார்த்த 0.57 வருகிறது. வசதியானவர்கள் வருமானத்தில் பெரும்பகுதியைச் செலவழிக்காமல் சேர்த்துவைப்பதும், அவர்களின் செலவும் வருமானமும் ஆய்வுகளில் முழுதாகப் பிடிபடாததும் இந்த இடைவெளிக்கு முக்கியக் காரணங்கள். சிறிய எண்ணைக் காட்டி உலகிலேயே சமத்துவமான நாடுகளில் நாம் ஒன்று என்று 2025-இல் பெருமை பேசப்பட்டது. மற்ற நாடுகள் பலவற்றின் எண்கள் வருமானத்திலிருந்து வந்தவை என்பதைச் சொல்லாமல் அப்படி ஒப்பிட்டது தவறு என்றே நினைக்கிறேன்.

ஆகவே படம் எடுப்பவர்கள் அட்டவணையின் நான்கு மூலையும் தெரிய எடுங்கள். தலைப்பு வரியும், ரூபாய் வரியும், அடிக்குறிப்பும் விழட்டும். அதோடு, மொத்த உறுப்பினர் எத்தனை பேர், அவர்களில் இந்த ஆண்டு சங்கத்தில் சரக்குப் போடாதவர் எத்தனை பேர் என்று செயலாளரைக் கேட்டு, பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். அந்த 50 பேரின் கடன் கணக்கை அடுத்த வாரம் எடுத்துக்கொள்வோம்.