மூன்று வரிக்கு எட்டுத் துடிப்பு

ஒரு பட்டியலில் வரிசையாக இருக்கும் எண்களைக் கூட்டும்படி கணினிக்குச் சொன்னால், செயலிக்குள் திரும்பத் திரும்ப ஓடும் வேலையின் சாரம் இந்த மூன்று வரிகள்தான்:

```
lw   $t0, 8($s1)
add  $s2, $s2, $t0
addi $s1, $s1, 4
```

இது மிப்ஸ் செயலியின் மொழி. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் ஹென்னஸியின் குழு 1980-களின் தொடக்கத்தில் உருவாக்கிய செயலி அது. கணினி அமைப்பு பாடப்புத்தகங்களில் நெடுங்காலமாக இடம்பெற்றுவருகிறது.

முதல் வரி நினைவகத்திலிருந்து ஓர் எண்ணை எடுக்கிறது. இரண்டாவது அதைக் கூட்டுத்தொகையில் சேர்க்கிறது. மூன்றாவது, 4 பைட் தள்ளி இருக்கும் அடுத்த எண்ணுக்கு நகர்கிறது. வேண்டியது எங்கே இருக்கிறது என்பதை ஒவ்வொரு வரியும் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறது. மூன்றாவது வரியில் 4 என்ற எண் கட்டளைக்குள்ளேயே இருக்கிறது. இரண்டாவது வரிக்கு வேண்டியதெல்லாம் ரிஜிஸ்டர்களில் இருக்கிறது. முதல் வரிக்கு மட்டும் சின்னக் கணக்கு உண்டு: `$s1`-ல் 1000 இருந்தால், அதோடு 8 கூட்டி, 1008 என்ற முகவரிக்குப் போக வேண்டும். இந்த வழிகளுக்குத்தான் முகவரி முறைகள் என்று பெயர்.

மிப்ஸில் இவை கைவிரல் விட்டு எண்ணும் அளவே. 1977-ல் வந்த வாக்ஸ் கணினியில், நினைவகத்தில் ஒரு முகவரியைப் படித்து, அது காட்டும் இடத்துக்கு மறுபடி போய்த் தரவை எடுக்கும் முறைகூட உண்டு. மிப்ஸ் அதைத் தவிர்த்ததற்குக் காரணம் பைப்லைன்.

ஒரு கட்டளை ஐந்து கட்டங்களைக் கடக்கிறது: கட்டளையை எடுப்பது, பிரித்தறிவது, கணக்கிடுவது, நினைவகத்தைத் தொடுவது, விடையை எழுதுவது. கட்டத்துக்கு ஒரு துடிப்பு. ஒன்று முடிந்தபின் அடுத்தது என்றால் மூன்று வரிக்கு 15 துடிப்பு ஆகும். முதல் கட்டளை இரண்டாம் கட்டத்துக்கு நகர்ந்ததுமே அடுத்ததை உள்ளே விட்டால், முதலாவதுக்கு 5, மற்ற இரண்டுக்கு ஒவ்வொன்று என 7 துடிப்பு போதும். நினைவகத்தை இருமுறை தொடும் கட்டளை இந்த வரிசைக்குள் அடங்காது.

ஆனால் மேலே உள்ள மூன்று வரிக்கு 7 போதாது. `lw` எடுக்கும் எண் 4-ஆம் துடிப்பின் முடிவில்தான் கைக்கு வரும். `add` அதை 4-ஆம் துடிப்பின் தொடக்கத்திலேயே கேட்கிறது. ஆக ஒரு துடிப்பு வீணாகி 8 ஆகிறது. தொடக்ககால மிப்ஸ் செயலிகளில் வன்பொருள் இதற்காகக் காத்திருக்காது. `$t0`-ல் இருந்த பழைய மதிப்பைக் கூட்டிவிடவும் கூடும். அதனால் கம்பைலர்தான் வரிசையை மாற்ற வேண்டியிருந்தது. `addi` வரியை நடுவில் போட்டால் போதும். விடை மாறாது, கணக்கு மீண்டும் 7.

இந்தக் கணக்கெல்லாம் நினைவகம் ஒரே துடிப்பில் பதில் சொல்லும் என்ற நம்பிக்கையில் நிற்கிறது. முதன்மை நினைவகத்துக்கு அந்த வேகம் கிடையாது. அந்த நம்பிக்கையைக் காப்பாற்றத்தான் செயலிக்குள் சிறிய, வேகமான கேஷ் இருக்கிறது. அது ஒரு எண்ணை மட்டும் எடுத்து வராது. 64 பைட் கட்டாக எடுத்தால், 1008 கேட்டபோது 960 முதல் 1023 வரை மொத்தமும் வந்துவிடும். அடுத்த மூன்று எண்கள் (1012, 1016, 1020) உடனே கிடைக்கும்; 1024-ல் மறுபடி தேட வேண்டும்.

கேஷுக்கு ஒரு துடிப்பு, முதன்மை நினைவகத்துக்கு மேலும் 100 என்று வைத்துக்கொள்வோம். நூற்றில் 5 முறை கேஷ் தவறினால் சராசரி 1 + 0.05 × 100 = 6 துடிப்பு. இடையில் 10 துடிப்பில் பதில் தரும் இரண்டாம் நிலை கேஷ் ஒன்றை வைத்து, அங்கே வருவதில் ஐந்தில் ஒன்று மட்டும் தவறினால், 1 + 0.05 × (10 + 0.2 × 100) = 2.5. நிலைகளை அடுக்குவதன் ஆதாயம் இதுதான்.

நிரல் எழுதுபவர் இந்த ஆதாயத்தைத் தெரியாமலே இழக்கலாம். 1024 × 1024 எண்கள் கொண்ட அணி, சி மொழியில் வரிசை வரிசையாகச் சேமிக்கப்படுகிறது. வரிசைப்படி கூட்டினால் ஒரு கட்டுக்கு 16 எண்கள் பயன்படும். நெடுவரிசைப்படி இறங்கினால் ஒவ்வொரு எண்ணும் 4096 பைட் தள்ளி, வேறொரு கட்டில் இருக்கும். ஒரு நெடுவரிசைக்கே 1024 கட்டுகள் வேண்டும். 32 கிலோபைட் கேஷில் 512 கட்டுகளுக்குத்தான் இடம். அடுத்த நெடுவரிசைக்கு வருவதற்குள் பழைய கட்டுகள் வெளியேறியிருக்கும். விடையில் பிழை இருக்காது, நேரம் மட்டும் கூடும். லினக்ஸில் `perf stat -e L1-dcache-load-misses` என்ற கட்டளையோடு இரண்டையும் ஓட்டினால், கேஷ் எத்தனை முறை தவறியது என்ற எண்ணிக்கையில் வித்தியாசம் தெரியும்.