'தருவதாக' என்ற பின் 'நான்' யார்?

சங்கக் கூட்டம் ஒன்றில் பொருளாளர் செயலாளரிடம், "நான் நாளை இங்கேயே உங்களிடம் கணக்கைத் தருகிறேன்" என்றார். அது நேர்க்கூற்று. கூட்டக் குறிப்பு எழுதுபவர் அதை இப்படி மாற்றினார் என்று வைத்துக்கொள்வோம்: 'பொருளாளர் செயலாளரிடம் நான் நாளை இங்கேயே உங்களிடம் கணக்கைத் தருவதாகக் கூறினார்.'

மேற்கோள் குறி போய்விட்டது, வினை 'தருவதாக' என்று மாறிவிட்டது. பார்வைக்கு அயற்கூற்றுதான். ஆனால் படிப்பவருக்குக் கணக்கைத் தர வேண்டியவர் குறிப்பு எழுதியவர், வாங்கிக்கொள்பவர் தாமே என்று பொருள்படுகிறது.

காரணம் வினையின் ஈற்றில் இருக்கிறது. 'தருகிறேன்' என்பதில் உள்ள 'ஏன்' விகுதி, பேசியவரைக் கையோடு பிடித்து வைத்திருக்கிறது. 'தருவதாக' என்றதும் அந்த விகுதி மறைந்துவிடுகிறது. பிடிமானம் இழந்த 'நான்', எழுதுபவரிடம் போய் ஒட்டிக்கொள்கிறது. பேச்சில் நமக்கு இந்தச் சிக்கல் வருவதில்லை. "நான் நாளைக்குத் தர்றேன்னு சொன்னாரு" என்கிறோம். 'தர்றேன்' அப்படியே இருப்பதால் பேசியவர் யாரென்று கேட்பவருக்குப் புரிகிறது. அந்தப் பழக்கத்தில்தான், எழுதும்போதும் வினையை மட்டும் மாற்றிவிட்டு மற்றதை விட்டுவிடுகிறோம்.

திருத்தினால் இப்படி வரும்: 'பொருளாளர் செயலாளரிடம், தாம் மறுநாள் அங்கேயே அவரிடம் கணக்கைத் தருவதாகக் கூறினார்.' இதில் 'தாம்' மிக முக்கியமானது. அதற்குப் பதில் 'அவர்' என்று எழுதினால் தருபவரும் அவர், வாங்குபவரும் அவர் என்று குழம்பும். 'தாம்' எழுவாயாகிய பொருளாளரையே சுட்டும். மரியாதை வேண்டாத இடத்தில் 'தான்', பலரைக் குறிக்கும்போது 'தாங்கள்' என்று வரும்.

காலச் சொல் இன்னும் நுட்பமாக ஏமாற்றும். கூட்டம் செவ்வாய்க்கிழமை நடந்து, குறிப்பு புதன்கிழமை எழுதப்பட்டால், அதில் விட்டுவைத்த 'நாளை' வியாழனாகிவிடும். 'நாளை' மறுநாளாக வேண்டும், 'இன்று' அன்றாக, 'நேற்று' முன்னாளாக. குறிப்பு பல மாதம் கழித்தும் படிக்கப்படும் என்றால், கிழமையையோ தேதியையோ எழுதிவிடுவதே நல்லது என்பேன்.

எல்லா இடத்திலும் மாற்றியே தீர வேண்டும் என்பதும் இல்லை. இன்று காலை சொன்னதை இன்று மாலையே எழுதினால், 'நாளை தருவதாக இன்று காலை கூறினார்' என்பது சரிதான். நாளை இன்னும் வரவில்லையே. பொருளாளர் எழுதுபவரிடமே, "நீங்கள் கணக்கைச் சரிபாருங்கள்" என்றிருந்தால், 'நான் கணக்கைச் சரிபார்க்க வேண்டும் என்று பொருளாளர் கூறினார்' என்று எழுதலாம். அங்கே 'நான்' எழுதுபவரேதான்.

எழுதி முடித்ததும் 'நான்', 'நீங்கள்', 'நாளை', 'இங்கே' ஆகிய சொற்களைத் தேடிப் பாருங்கள். ஒவ்வொன்றையும் எழுதுபவர் தம் வாயால், எழுதும் நாளில், எழுதும் இடத்திலிருந்து சொன்னால் உண்மையாக இருக்குமா என்று கேளுங்கள். இல்லையென்றால் அந்தச் சொல் இன்னும் பொருளாளர் வாயிலேயே இருக்கிறது.