எழுத்தின் வேடங்கள் – 9: நெட்டை எஸ்

மாத்தளையிலிருந்து ஓர் ஆசிரியர் படமொன்று அனுப்பியிருந்தார். யாழ்ப்பாணத்தில் டச்சுப் பாதிரியாராக இருந்த பால்டேயஸ் எழுதி, 1672இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சான நூலின் ஜெர்மன் பதிப்பு அது. தலைப்புப் பக்கத்தைக் கைப்பேசியில் எடுத்திருக்கிறார். "இதில் 'ரூஃப்டன்' என்றொரு சொல் வருகிறது சேர், எந்த அகராதியிலும் இல்லையே" என்பது அவர் கேள்வி.

இல்லாததில் வியப்பில்லை. அது 'க்யூஸ்டன்', கடற்கரைகள் என்று பொருள். ஒரே சொல்லில் இரண்டு சறுக்கல். கோதிக் பாணி அச்சில் பெரிய கே எழுத்தும் பெரிய ஆர் எழுத்தும் அண்ணன் தம்பி போலிருக்கும். அடுத்தது எஸ். அந்நாளில் சொல்லின் முதலிலும் நடுவிலும் அதை நெட்டையாக அச்சடித்தார்கள். பார்த்தால் எஃப் போலவே நிற்கும். எஃப்பின் குறுக்குக்கோடு தண்டைக் கடந்து வலப்பக்கம் நீளும். நெட்டை எஸ்ஸுக்கு இடப்பக்கம் ஒரு சிறு முள் மட்டும்தான். படம் சற்றே கலங்கினாலும், ஃபிளாஷ் ஒளி தெறித்தாலும் இந்த வேறுபாடு அழிந்துவிடும்.

இல்லாத சொல் வந்தால் நல்லது, உடனே சந்தேகப்படுவோம். இருக்கும் சொல் வந்தால்தான் ஆபத்து. அதே தலைப்பில் 'கிழக்கு' எனப் பொருள்படும் 'ஓஸ்ட்' இருக்கிறது. ஆசிரியர் அதை 'ஓஃப்ட்' என்று படித்திருந்தார். அதுவும் நல்ல ஜெர்மன் சொல்தான்: 'அடிக்கடி'. கிழக்கிந்தியா 'அடிக்கடி இந்தியா' ஆகிவிட்டது!

சொல்லின் கடைசியில் நெட்டை எஸ் வராது. அங்கே வளைந்த குட்டை எஸ்தான். ஆகவே கடைசியில் நெட்டையாக நிற்பது எஃப். பெரிய ஏ, யூ இரண்டில் தலை மூடியிருந்தால் ஏ, திறந்திருந்தால் யூ. ஐ, ஜே இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே உருவம்தான். உயிரெழுத்து தொடர்ந்தால் ஜே, மெய் தொடர்ந்தால் ஐ என்று கொள்ளலாம். தீவு என்னும் 'இன்செல்' சொல்லில் அடுத்து வருவது என். எனவே அது ஐ. இன்னும் ஐயமிருந்தால், அதே பக்கத்தில் நிச்சயமாகத் தெரிந்த சொல்லிலுள்ள எழுத்தோடு ஒப்பிட வேண்டும்.

நமக்கு இது புதிதல்ல. மாத்தளைக்குப் பக்கத்து அலுவிகாரையில் ஏட்டில் எழுதுவதை இன்றும் காட்டுகிறார்கள். நம் தமிழ் ஏடுகளில் புள்ளி வைப்பது அரிது. ரகரமும் காலும் ஒன்றுபோல் இருக்கும். 'கர'வா 'கா'வா என்பதைச் சொல்லின் பொருளைக் கொண்டுதான் பதிப்பாசிரியர் முடிவுசெய்தார்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள்: ஃபிளாஷை அணைத்து, ஜன்னலோரம் பக்கவாட்டு வெளிச்சத்தில், புத்தகத்துக்கு நேர் மேலிருந்து, ஒவ்வொரு வரியாக நெருக்கி மறுபடியும் படமெடுங்கள். அந்தச் சிறு முள் தெரிந்தால் போதும்.