இரண்டு பக்கச் சுருக்கத்தில் யாருடைய கிணறு இல்லை? சிறு ஆலைகளின் சுற்றுச்சூழல் அறிக்கையை வாசிக்கும் முறை

பெரும் அனல்மின் நிலையமோ துறைமுகமோ வரும்போது பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கிறது. 2006 செப்டம்பர் 14 அன்று வெளியான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, தனது அட்டவணையில் உள்ள பெருந்திட்டங்கள் பலவற்றுக்கு அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. ஆனால் ஊருக்கு வெளியே இரண்டு ஏக்கரில் எழும் ஒரு புழுங்கல் அரிசி ஆலை அந்த அட்டவணையில் இல்லை. அதற்கு வேண்டியவை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணையும் உள்ளாட்சியின் அனுமதியும்தான். அதனால் அந்த ஆலையைக் குறித்து ஊராருக்குக் கிடைக்கும் ஒரே ஆவணம், பெரும்பாலும், உரிமையாளர் தரப்பு எழுதித் தரும் இரண்டு பக்கச் சுருக்கமாகவே இருக்கிறது.

அந்தச் சுருக்கத்தில் பொய் இருக்க வேண்டும் என்பதில்லை. சில விடுபடல்களே போதும், ஒரு குடியிருப்பு முழுவதும் கணக்கிலிருந்து மறைந்துவிடும். அவற்றைக் கண்டறியப் பொறியியல் பட்டம் தேவையில்லை. பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும். நாளொன்றுக்கு 40 டன் நெல் அவிக்கும் ஆலை ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொண்டு, கற்பனையான ஒரு சுருக்கத்தை வரிவரியாகச் சோதித்துப் பார்ப்போம்.

தூரம் எங்கிருந்து அளக்கப்பட்டது?

“அருகிலுள்ள குடியிருப்பு: 1.2 கிலோமீட்டர்” என்று சுருக்கம் தொடங்குகிறது. இந்தத் தூரம் பெரும்பாலும் வருவாய்க் கிராமத்தின் பெயரைத் தாங்கிய ஊரிலிருந்து அளக்கப்படுகிறது. சேரி ஊரிலிருந்து விலகி, ஏரிக்குக் கீழே தாழ்ந்த நிலத்தில் இருக்குமானால், ஆலைக்கும் அதற்கும் இடையே 300 மீட்டர்கூட இல்லாமல் போகலாம். தமிழ்நாட்டின் பல ஊர்களில் நிலம் மலிவாகக் கிடைப்பதும், ஊராரின் எதிர்ப்பு எழாததுமான பக்கம் சேரியின் பக்கமே. ஆலைக்கான இடத் தேர்வும் அங்கேயே நடக்கிறது.

ஆகவே முதல் வேலை, புல வரைபடத்தின் நகலில் ஆலையின் புல எண்ணைக் குறித்து, அதைச் சுற்றி 500 மீட்டர் வட்டம் வரைவது. அந்த வட்டத்துக்குள் வரும் வீடுகள், கைப்பம்புகள், அங்கன்வாடி, இடுகாடு, அதற்குச் செல்லும் பாதை, ஓடை ஆகியவற்றைப் பட்டியலிட வேண்டும். அடுத்து, நிலம் எந்தப் பக்கம் சரிகிறது என்பதைக் குறிக்க வேண்டும். காற்றின் திசையும் முக்கியம். ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்று பெரும்பாலும் மேற்கு, தென்மேற்கிலிருந்து வீசுகிறது. வடகிழக்குப் பருவத்தில் திசை மாறுகிறது. ஆலைக்குக் கிழக்கே உள்ள குடியிருப்பு, ஆண்டின் பல மாதங்கள் அதன் புகைபோக்கிக்கு எதிரே இருக்கும். சுருக்கத்தில் இந்தப் பட்டியல் இல்லையென்றால், அதை இணைத்த பின்னரே விவாதம் தொடங்க வேண்டும்.

தண்ணீர்க் கணக்கு

புழுங்கல் அரிசி ஆலையின் முதன்மைச் சிக்கல் நெல் ஊறவைத்த தண்ணீர்தான். ஒரு கிலோ நெல்லுக்கு ஏறத்தாழ 1 முதல் 1.2 லிட்டர் வரை ஊறல் நீர் வெளியேறுகிறது. 40 டன் நெல்லுக்கு மேல்மட்டக் கணக்கு 48,000 லிட்டர். இது ஒரு நாளின் அளவு.

இந்த நீரில் நஞ்சு கலக்கப்படுவதில்லை என்று உரிமையாளர் சொல்வது உண்மையே. ஆனால் நெல்லிலிருந்து கரைந்த மாவும் சர்க்கரையும் புரதமும் அதில் நிறைந்திருக்கின்றன. அவற்றை நுண்ணுயிர்கள் தின்னும்போது நீரிலுள்ள ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. அந்தத் தேவையை அளக்கும் அலகே பிஓடி. சுத்திகரிக்காத ஊறல் நீரில் இது லிட்டருக்குப் பல நூறு மில்லிகிராம் முதல் ஆயிரத்துக்கு மேலும் இருக்கும். பொதுவான விதிமுறைப்படி நீர்நிலையில் விடும் கழிவுநீரில் இது 30 மில்லிகிராமையும், பாசனத்துக்கு நிலத்தில் விடும் நீரில் 100 மில்லிகிராமையும் தாண்டக் கூடாது. ஆயிரம் மில்லிகிராம் என்று கொண்டால், 48,000 லிட்டரில் இருப்பது 48 கிலோ பிஓடி. ஏறத்தாழ ஆயிரம் பேர் வாழும் ஒரு சிற்றூரின் கழிவுநீருக்கு நிகரான சுமை இது. ஓடையில் விட்டால் மீன் சாகும். தேங்கினால் அழுகிய முட்டை நாற்றம் எழும். மண்ணில் இறங்கினால் நிலத்தடியில் ஆக்சிஜன் குறைந்து பாறையிலுள்ள இரும்பு கரையத் தொடங்கும். கைப்பம்பு நீர் சிறிது நேரத்தில் பழுப்பாக மாறுவதும், சோற்றின் நிறம் கெடுவதும் அதன் அறிகுறிகள்.

இப்போது சுருக்கத்தின் அடுத்த வரி: “நாளொன்றுக்கு 20,000 லிட்டர் கொள்ளளவுள்ள சுத்திகரிப்பு நிலையம் அமைக்கப்படும்.” வருவது 48,000, சுத்திகரிப்பது 20,000. மீதி 28,000 லிட்டர் எங்கே போகும்? இந்த ஒரு கேள்விக்கே பல சுருக்கங்களில் விடை இராது. மறுபயன்பாட்டால் கழிவுநீர் குறையும் என்று விடை வந்தால், எத்தனை முறை, எந்தத் தொட்டியில், எவ்வளவு என்று எண்களாகக் கேட்க வேண்டும்.

அதற்கடுத்த வரி: “சுத்திகரித்த நீர் அரை ஏக்கர் பசுமை வளையத்துக்குப் பாய்ச்சப்படும், வெளியேற்றம் ஏதுமில்லை.” அரை ஏக்கர் என்பது ஏறத்தாழ 2,000 சதுர மீட்டர். 48,000 லிட்டரை அதில் பரப்பினால் நாள்தோறும் 24 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும். நம் வெப்பநிலையில் மரமும் மண்ணும் சேர்ந்து நாளொன்றுக்கு ஆவியாக்குவது சுமார் 5 மில்லிமீட்டர். எஞ்சியது நிலத்தடிக்கோ தாழ்வான பக்கத்துக்கோ போயாக வேண்டும். இந்த நீருக்கு ஏறத்தாழ 2.4 ஏக்கர் தேவை. ஆலையின் மொத்த நிலமே இரண்டு ஏக்கர் என்னும்போது “வெளியேற்றம் ஏதுமில்லை” என்னும் வாக்கியம் தானாகவே விழுந்துவிடுகிறது. மேலும், ஐப்பசி மழையில் நிலம் எதையும் உறிஞ்சாது. அப்போது நீரைத் தேக்கிவைக்க, 15 நாளுக்கு 7,20,000 லிட்டர் கொள்ளும், அடியில் கசியாத குட்டை வேண்டும். இரண்டு மீட்டர் ஆழமானால் அதற்கு 9 சென்ட் நிலம் போதும். அது வரைபடத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

தீர்வு இல்லாத சிக்கல் அல்ல இது. நெல்லை 60 முதல் 70 டிகிரி வெந்நீரில் சில மணி நேரம் ஊறவைத்தால், இரண்டு மூன்று நாள் குளிர்நீரில் ஊறும்போது உண்டாகும் புளிப்பும் நாற்றமும் பெரிதும் குறையும். கழிவுநீரை முதலில் சமன்படுத்தும் தொட்டியில் சேர்த்து, காற்றில்லாத் தொட்டியில் செரிக்கவைத்து, பின்னர் காற்றூட்டி, வண்டல் படியவைத்து வடிகட்டினால் பாசன வரம்புக்குள் கொண்டுவர முடியும். இதற்குப் பணமும் மின்சாரமும் தொடர்ந்த மேற்பார்வையும் வேண்டும். இரவில் காற்றூட்டியை நிறுத்திவிடும் வழக்கமே இவ்வகை நிலையங்களின் பொதுவான தோல்வி. ஆகவே சுத்திகரிப்பு நிலையத்துக்குத் தனி மின்மீட்டர் வைக்கச் சொல்வது எளிய, வலுவான கோரிக்கை. மின்மீட்டரின் எண் அறிக்கையைவிட நேர்மையாகப் பேசும்.

சாம்பல்

நெல்லின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உமி. 40 டன் நெல்லுக்கு 8 டன் உமி கிடைக்கும். அதில் பாதி கொதிகலனில் எரிவதாகக் கொண்டால், எரிந்த உமியில் மீண்டும் ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாகும். அதாவது நாள்தோறும் 800 கிலோ. உமிச்சாம்பல் மிக இலேசானது என்பதால், இது ஒரு டிராக்டர் டிப்பருக்கும் மேல் வரும். பெரும்பகுதி சிலிக்கா, மூச்சுக்குழலையும் கண்ணையும் உறுத்தும்.

“சைக்ளோன் பொருத்தப்படும்” என்று சுருக்கம் சொல்கிறது. சைக்ளோன் பருத்த துகள்களைப் பிடிக்கும். நுண்துகள்களில் பெரும்பகுதி தப்பிவிடும். துணிப்பை வடிகட்டி சேர்ந்தால்தான் அவை அடங்கும். பிடித்த சாம்பல் எங்கே போகிறது என்பதும் முக்கியம். திறந்த குவியலாக மதில் ஓரம் கொட்டினால், புகைபோக்கி எவ்வளவு உயரமாக இருந்தும் பயனில்லை. மூடிய அறை, ஈரப்படுத்தி ஏற்றுதல், தார்ப்பாய் போர்த்திய வண்டி, வாங்கும் செங்கல் சூளையுடனோ சிமெண்ட் ஆலையுடனோ எழுத்து ஒப்பந்தம் என நான்கும் இருக்க வேண்டும்.

இங்கே இன்னொன்றையும் கேட்க வேண்டும். “உள்ளூர் மக்களுக்கு வேலைவாய்ப்பு” என்ற வரியில் எந்த வேலை என்று எழுதப்பட்டிருக்கிறதா? சாம்பல் அள்ளுவதும் கழிவுத் தொட்டியில் வண்டல் வாருவதும்தான் சேரிக்கு ஒதுக்கப்படும் வேலை என்றால், மாசும் அதன் ஆபத்தும் ஒரே குடியிருப்பின் மீது இருமுறை சுமத்தப்படுகின்றன. காற்றில்லாத் தொட்டிகளில் தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு சில மூச்சுகளில் ஆளைச் சாய்த்துவிடும். எந்தத் தொட்டிக்குள்ளும் மனிதர் இறங்கக் கூடாது, வண்டலைப் பம்பால் மட்டுமே எடுக்க வேண்டும் என்பது நிபந்தனையாகவே எழுதப்பட வேண்டும்.

உறுதிமொழியை நிபந்தனையாக்குதல்

“உரிய தடுப்பு நடவடிக்கைகள் மேற்கொள்ளப்படும்” என்ற வாக்கியத்தை யாராலும் மீற முடியாது. அதில் மீறுவதற்கு எதுவுமில்லை. நிபந்தனை என்றால் அதில் அளவு, காலம், பொறுப்பாளர், தவறினால் விளைவு ஆகிய நான்கும் இருக்க வேண்டும். “48,000 லிட்டர் கொள்ளளவுள்ள சுத்திகரிப்பு நிலையம் இயங்கத் தொடங்கிய பின்னரே நெல் ஊறவைக்கப்படும், நிலையம் பழுதானால் ஊறவைப்பு அன்றே நிறுத்தப்படும், மாதந்தோறும் நீர்ச் சோதனை முடிவு ஊராட்சி அலுவலகத்திலும் சேரியின் பொது இடத்திலும் ஒட்டப்படும்” என்பதை மீறினால் கண்டுபிடிக்க முடியும்.

எல்லாவற்றுக்கும் முன்னதாகச் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. அடித்தளம் தோண்டுவதற்கு முன்பே சேரியின் கைப்பம்புகளிலும் கிணறுகளிலும் நீர்மட்டத்தை அளந்து, நீரின் மாதிரியை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் சோதித்து, முடிவைப் பதிவாக வைத்துக்கொள்ள வேண்டும். கரைந்த உப்பு, இரும்பு, நைட்ரேட், குளோரைடு ஆகியவை அதில் இடம்பெற வேண்டும். இந்தத் தாள் இல்லாவிட்டால், மூன்று ஆண்டு கழித்துத் தண்ணீர் பழுக்கும்போது “இங்கே எப்போதும் இப்படித்தான்” என்ற ஒரே பதிலில் வழக்கு முடிந்துவிடும்.

கிராம சபைத் தீர்மானம் மட்டுமே ஆலையை நிறுத்திவிடாது. வாரியம் தன் இசைவாணையைத் தனியாக முடிவு செய்கிறது. எனினும், புல வரைபடமும் தண்ணீர்க் கணக்கும் நிபந்தனைகளும் இணைத்து நிறைவேற்றிய தீர்மானம், பின்னர் யாரும் மறுக்க முடியாத ஆவணம். இசைவு விண்ணப்பத்தின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் பெறலாம். 1974 நீர்ச் சட்டத்தின்கீழ் வழங்கிய இசைவாணையால் பாதிக்கப்பட்டவர் 30 நாளுக்குள் மேல்முறையீட்டு அதிகார அமைப்பை அணுகலாம். அதற்கடுத்த படி பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு. அங்கெல்லாம் முதலில் கேட்கப்படுவது, ஆட்சேபத்தை எப்போது, எந்த எண்களோடு எழுப்பினீர்கள் என்பதே. கிராம சபை நடக்கும் நாளில் சேரியிலிருந்து செல்பவர்களின் கையில் 500 மீட்டர் வட்டம் வரைந்த அந்த வரைபடம் இருக்க வேண்டும்.