அதே பத்துச் சுற்று

எங்கள் பகுதிப் பூங்காவில் ஒரு சுற்று 375 மீட்டர். தினமும் காலையில் பத்துச் சுற்று நடப்பேன். நேரமும் ஏறக்குறைய மாறாது, 45 நிமிடம். எனக்கு வயது 52, எடை 70 கிலோ. மகள் ஸ்மார்ட்வாட்ச் வாங்கித் தந்த பிறகு, நடந்து முடித்ததும் அது காட்டும் இரண்டு எண்களை டைரியில் குறித்து வைக்கும் பழக்கம் வந்தது. ஒன்று சராசரி இதயத் துடிப்பு, இன்னொன்று எரிந்த கலோரி.

டிசம்பர் பக்கத்தைப் புரட்டினால் துடிப்பு 105, கலோரி 290 என்று இருக்கிறது. மே மாதப் பக்கத்தில் துடிப்பு 117, கலோரி 360. அதே பூங்கா, அதே பத்துச் சுற்று, அதே 45 நிமிடம், எடையும் அதே 70 கிலோ. மே மாதத்தில் 70 கலோரி கூடுதலாக எப்படி எரிந்தது? கூட நடக்கும் நண்பர், "வேர்வை எப்படி ஊத்துது பாருங்க சார், எரியாம என்ன செய்யும்? இன்னிக்கு பொங்கல் தாராளமா சாப்பிடலாம்" என்றார். பூங்காவில் பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். உண்மையில் அந்த 70 கலோரியை எரித்தது என் உடம்பு அல்ல, வாட்சின் கணக்கு.

உடம்பு எவ்வளவு எரிக்கிறது என்பதை நேரடியாக அளக்க ஒரு வழி உண்டு. ஆய்வுக்கூடத்தில் முகத்தில் கவசம் மாட்டி, ஓடுபொறியில் நடக்கவிட்டு, உள்ளே போகும் ஆக்சிஜனையும் வெளியே வரும் கரியமில வாயுவையும் அளப்பார்கள். உடம்பு ஒரு லிட்டர் ஆக்சிஜனைச் செலவழித்தால் சுமார் 5 கலோரி எரிந்திருக்கிறது என்று பொருள். வாட்சுக்குக் கவசம் கிடையாது. அதன் அடிப்புறத்தில் மினுங்கும் பச்சை விளக்கு தோலுக்கடியில் ரத்தம் கூடிக் குறைவதைப் பார்த்துத் துடிப்பை எண்ணுகிறது. அந்தத் துடிப்பிலிருந்து ஆக்சிஜனை ஊகிக்கிறது, ஆக்சிஜனிலிருந்து கலோரியை. பெரிய பிழை முதல் படியைவிட இரண்டாவது படியில்தான் நுழைகிறது.

இதயம் ஒரு முறை துடிக்கும்போது எவ்வளவு ரத்தத்தைத் தள்ளுகிறது, அந்த ரத்தத்திலிருந்து தசைகள் எவ்வளவு ஆக்சிஜனை எடுத்துக்கொள்கின்றன என்று தெரிந்தால்தான் துடிப்பை ஆக்சிஜனாக மாற்ற முடியும். கிணற்றில் எத்தனை வாளி இறைத்தோம் என்று எண்ணுவது போலத்தான் இது. வாளியின் அளவு தெரியாமல் எத்தனை குடம் நிறைந்தது என்று சொல்ல முடியாது. வாட்ச் வாளிகளை எண்ணுகிறது. வாளியின் அளவை ஊகிக்கிறது.

மே மாதத்தில் என் வாளி சிறுத்துப்போனது. வெயில் காலத்தில் உடம்பு சூட்டை வெளியேற்ற ரத்தத்தைத் தோலுக்குத் திருப்பிவிடுகிறது. வியர்த்துக் கொட்டக் கொட்ட ரத்தத்தில் நீரும் குறைகிறது. இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தம் குறைவதால் ஒவ்வொரு துடிப்பிலும் தள்ளப்படும் அளவும் குறைகிறது. அந்தக் குறையை ஈடுகட்ட இதயம் வேகமாகத் துடிக்கிறது. கால் தசைகள் கேட்ட ஆக்சிஜன் ஏறக்குறைய டிசம்பரில் கேட்ட அளவுதான். 12 துடிப்பு கூடியதை வாட்ச் கூடுதல் உழைப்பு என்று எழுதிவிட்டது.

வாட்ச் நிறுவனங்கள் தங்கள் சூத்திரத்தை வெளியே சொல்வதில்லை. ஆனால் 2005இல் கெய்ட்டலும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஒரு சூத்திரம் எல்லோருக்கும் கிடைக்கிறது. துடிப்பைக் கொடுத்தால் கலோரி சொல்லும் இணையதளங்கள் பலவற்றில் ஓடுவது அதுதான். ஆண்களுக்கான கணக்கு இது: நிமிடத் துடிப்பை 0.6309 ஆலும், எடையை 0.1988 ஆலும், வயதை 0.2017 ஆலும் பெருக்கிக் கூட்டி, அதிலிருந்து 55.0969ஐக் கழிக்க வேண்டும். வருவது நிமிடத்துக்கு இத்தனை கிலோஜூல் என்ற எண். அதை 4.184 ஆல் வகுத்தால் கலோரி.

என் டிசம்பர் எண்களைப் போட்டுப் பார்த்தேன். நிமிடத்துக்கு எட்டரை கலோரி, 45 நிமிடத்துக்குச் சுமார் 380. வாட்ச் சொன்னது 290. இனி துடிப்பையே மறந்துவிட்டு, நடந்ததை மட்டும் வைத்துக் கணக்குப் பார்ப்போம். மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் சமதரையில் நடப்பவர், சும்மா உட்கார்ந்திருப்பதைப் போல மூன்றரை மடங்கு சக்தியைச் செலவழிக்கிறார் என்பது பலமுறை அளந்து கண்ட விஷயம். சும்மா இருக்கும்போது கிலோவுக்கு மணிக்கு ஏறக்குறைய ஒரு கலோரி. 70 கிலோ, முக்கால் மணி நேரம், மூன்றரை மடங்கு: மொத்தம் 184 கலோரி. சூத்திரம் சொன்னதில் இது பாதிகூட இல்லை.

இவ்வளவு வித்தியாசம் ஏன் என்பதற்கு அந்தச் சூத்திரம் பிறந்த இடத்திலேயே விடை இருக்கிறது. அதற்காகச் சோதித்தவர்கள் 18 முதல் 45 வயது வரையுள்ள, வழக்கமாக உடற்பயிற்சி செய்கிற 115 பேர். பயிற்சியால் பழகிய இதயத்தின் வாளி பெரியது. அவர்களுக்கு 105 துடிப்பு வருகிறது என்றால் நல்ல வேகத்தில் ஏதோ செய்துகொண்டிருக்கிறார்கள். ஐம்பது தாண்டி, இருபது வருடம் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்த எனக்குச் சாதாரண நடைக்கே 105 வந்துவிடுகிறது. சூத்திரம் என்னை அவர்களில் ஒருவனாக எண்ணி, அவர்கள் எரித்திருக்கக்கூடிய கலோரியை என் பேரில் எழுதுகிறது. பழக்கமில்லாத உடம்புக்குத்தான் எண் அதிகமாகப் பெருகும். எடை குறைக்க வேண்டும் என்று புதிதாக நடக்க வருபவர்களைத்தான் இந்தப் பிழை அதிகம் ஏமாற்றுகிறது. எனக்கு மிகவும் வருத்தமான இடம் இதுவே.

பெண்களுக்கான சூத்திரத்தில் இன்னொரு விசித்திரம் உண்டு. அதில் ஒவ்வொரு கிலோ எடைக்கும் 0.1263 கழிக்கப்படுகிறது. ஒரே துடிப்பில் 75 கிலோ பெண்ணுக்கு 60 கிலோ பெண்ணைவிடக் குறைவான கலோரி வரும். ஒரே வேகத்தில் நடந்தால் கூடுதல் எடையைச் சுமப்பவருக்குத்தான் செலவு கூடும் என்பது நமக்குத் தெரியும். சோதனைக்கு வந்த பெண்களின் எண்களுக்கு நடுவே ஒரு நேர்கோடு போட்டபோது அது அப்படிச் சாய்ந்துவிட்டது, அவ்வளவுதான். ஒரு கூட்டத்தின் சராசரியை எடுத்து ஒருவர் மேல் போர்த்தினால் இப்படித்தான் ஆகும்.

நல்ல விலையுயர்ந்த வாட்ச் வாங்கினால் சரியாகிவிடாதா என்று கேட்கலாம். 2017இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 60 பேருக்கு ஏழு வகைக் கைப்பட்டைகளை மாட்டிச் சோதித்தார்கள். ஏழில் ஆறு, துடிப்பை 5 விழுக்காட்டுக்குள் சரியாகவே சொல்லின. கலோரியில் இருந்தவற்றில் நல்லதே சராசரியாக 27 விழுக்காடு தவறியது, மோசமானது 93 விழுக்காடு. துடிப்பைச் சரியாக எண்ணும் கருவிகூடக் கலோரியில் சறுக்குகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

துடிப்பிலேயே பிழை வருவதும் உண்டு. பட்டை தளர்ந்திருந்தால், கை வீசும் தாளத்தையே வாட்ச் நாடி என்று எண்ணிவிடும். துடிப்பு எண், நிமிடத்துக்கு வைக்கும் அடிகளின் எண்ணோடு ஒட்டிக்கொண்டே போனால் சந்தேகப்படுங்கள். நின்ற உடனே மணிக்கட்டில் விரல் வைத்து 15 விநாடி நாடியை எண்ணி நான்கால் பெருக்கினால் உண்மை தெரிந்துவிடும். பட்டையை மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, அசையாதபடி கட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

ரத்த அழுத்தத்துக்கு மெட்டோபுரோலால், அட்டெனலால் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்குக் கணக்கு எதிர்ப்பக்கம் தவறும். அந்த மாத்திரைகள் துடிப்பை அடக்கி வைக்கும். எவ்வளவு வேகமாக நடந்தாலும் வாட்ச் கொஞ்சமாகவே கலோரி காட்டும். எண் ஏற வேண்டும் என்பதற்காக அவர்கள் மூச்சு வாங்க ஓடக் கூடாது. நடந்துகொண்டே ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா என்பதே அவர்களுக்கு நல்ல அளவுகோல்.

சரி, இந்த எண்ணை என்னதான் செய்வது? முதலில், எரித்ததை அப்படியே தின்று ஈடுகட்டும் கணக்குக்கு இதைப் பயன்படுத்தாதீர்கள். மேலே சொன்ன 184 கலோரியில் 52 கலோரி, நான் வீட்டில் சும்மா இருந்திருந்தாலும் செலவாகியிருக்கும். நடந்ததால் கூடுதலாக எரிந்தது 130 சொச்சம்தான். இரண்டு மூன்று இட்லி அளவு. சில வாட்சுகள் ஆக்டிவ், டோட்டல் என்று இரண்டையும் தனித்தனியே காட்டும். பார்க்க வேண்டியது முதலாவதை. 380 எரித்தேன் என்று நம்பி 380க்குச் சாப்பிட்டால் தினமும் 250 கலோரி மிஞ்சும். ஒரு கிலோ கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. மாதம் முழுக்க நடந்தும் ஏறக்குறைய ஒரு கிலோ ஏறிவிடும்.

சமதரை நடைக்கு வாட்சே தேவையில்லாத ஒரு கணக்கு இருக்கிறது. உங்கள் எடையில் பாதியை, நடந்த கிலோமீட்டரால் பெருக்குங்கள். எனக்கு 35ஐ 3.75 ஆல் பெருக்கினால் 131. ஓட்டத்துக்கு முழு எடையையும் எடுத்துக்கொள்ளலாம். இதுவும் தோராயம்தான், ஆனால் வெயிலுக்கும் காபிக்கும் பதற்றத்துக்கும் இது மாறாது.

நாள் முழுவதற்குமான வரவு செலவைத் தராசு சொல்லும். காலையில் எழுந்து, கழிவறை போய் வந்த பிறகு எடை பாருங்கள். உடம்பில் நீர் கூடிக் குறைவதால் ஒரு நாள் எண்ணை நம்ப முடியாது; வாரச் சராசரியை எடுத்து, மூன்று நான்கு வாரம் பாருங்கள். எடை அசையவில்லை என்றால் சாப்பிடுவதும் செலவழிப்பதும் சமம். வாட்ச் தினமும் 600 எரித்ததாகக் காட்டினாலும் அதுதான் நிலவரம். சாப்பாட்டைக் குறைப்பதா, நடையைக் கூட்டுவதா என்று அதை வைத்து முடிவு செய்யலாம்.

வாட்சின் எண்ணை உங்களின் பழைய எண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள், அதுவும் அதே வாட்ச், அதே பாதை, அதே பருவம் என்றால் மட்டும். பக்கத்து வீட்டுக்காரரின் எண்ணோடு ஒப்பிட்டுப் பயனில்லை. ஒப்பிடும்போதும் கலோரியைவிடத் துடிப்பைப் பாருங்கள். அது அளந்த எண், கலோரி அதிலிருந்து ஊகித்தது.

இந்த டிசம்பரில் நான் எழுதிய பக்கம் கையில் இருக்கிறது. பத்துச் சுற்று, 45 நிமிடம், எடை 70 கிலோ. கலோரி 250 என்று காட்டியது. போன டிசம்பரைவிட 40 குறைவு. நண்பர் எட்டிப் பார்த்து, "என்ன சார், இறங்கிடுச்சு?" என்றார். மேலே இருந்த எண்ணைக் காட்டினேன். துடிப்பு 105லிருந்து 98க்கு வந்திருந்தது. ஒரு வருட நடையில் வாளி கொஞ்சம் பெரிதாகியிருக்கிறது.